‘பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன’ என்கிறார்களே, அது நல்ல சேதியா? ஹாஷையும் என்கிரிப்ஷனையும் கையால் செய்து பார்ப்போம்

ஒரு இணையதளத்திலிருந்து பயனர் தகவல் திருடு போனால், பின்னாலேயே ஒரு மின்னஞ்சல் வரும். “கவலை வேண்டாம், பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் செய்யப்பட்டே இருந்தன” என்று அதில் ஒரு வரி இருக்கும். ஹாஷ் என்பது திரும்ப எடுக்க முடியாதபடி அரைத்துவிடுவது, என்கிரிப்ஷன் என்பது சாவி போட்டுப் பூட்டுவது. ஹாஷ் செய்திருந்ததைத்தான் பலர் இப்படி மாற்றிச் சொல்கிறார்கள். சொன்னபடியே என்கிரிப்ட் செய்திருந்தால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும். ஏன் என்பதை நான்கு படிகளில் செய்து பார்த்துவிடலாம்.

லினக்ஸ் டெர்மினல் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் WSL-இல் செய்யலாம். பயிற்சிக்கு உங்கள் உண்மையான பாஸ்வேர்டைப் பயன்படுத்தாதீர்கள். டெர்மினல் நீங்கள் தட்டுவதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

படி 1: ஹாஷ் எடுப்பது

```
printf 'hello' | sha256sum
```

இந்த விடை வரும்:

```
2cf24dba5fb0a30e26e83b2ac5b9e29e1b161e5c1fa7425e73043362938b9824
```

உலகத்தில் எந்தக் கணினியில் செய்தாலும் இதேதான் வரும். சாவி எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து எழுத்துக்கு 64 எழுத்து விடை வந்தது. மூன்று மணி நேரப் படத்தின் கோப்பைக் கொடுத்தாலும் அதே 64 எழுத்துதான். அவ்வளவு பெரிய படம் இந்த 64 எழுத்துக்குள் ஒளிந்திருக்க வழியில்லை, அதனால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது என்பதைப் போலத்தான்.

இப்போது `hello`-வை `Hello` என்று மாற்றிப் பாருங்கள். விடை `185f8db3` என்று தொடங்கி, முழுக்கவே வேறாக இருக்கும்.

பலருக்கு இங்கே முதல் சறுக்கல் நேரும். `printf`-க்குப் பதில் `echo` போட்டால் விடை `5891b5b5` என்று தொடங்கும். கணினியில் பழுதில்லை. `echo` கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுடிவைச் சேர்த்துவிடுகிறது. ஹாஷுக்கு அதுவும் ஓர் எழுத்துதான்.

படி 2: என்கிரிப்ட் செய்வது

```
printf 'hello' > a.txt
openssl enc -aes-256-cbc -pbkdf2 -in a.txt -out a.enc
openssl enc -d -aes-256-cbc -pbkdf2 -in a.enc
```

இரண்டாவது வரி ஒரு பாஸ்வேர்டைக் கேட்கும். அதிலிருந்துதான் சாவி உருவாகிறது. மூன்றாவது வரியில் அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் `hello` அப்படியே திரும்ப வரும். தவறாகக் கொடுத்தால் பெரும்பாலும் `bad decrypt` என்று வரும். எப்போதாவது, ஏறக்குறைய 256-க்கு ஒருமுறை, பிழைச் செய்தி இல்லாமல் குப்பை எழுத்துகள் வரும். அதுவும் தவறான பாஸ்வேர்டுதான்.

ஆக, என்கிரிப்ஷன் என்பது பூட்டு. உள்ளே வைத்த பொருள் உள்ளேயே இருக்கிறது, சாவி உள்ளவர் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பும் செய்தியை எதிர்முனையில் இருப்பவர் படித்தாக வேண்டும், அதற்குப் பூட்டு சரி. பாஸ்வேர்டை யாரும் படிக்கத் தேவையில்லை. நீங்கள் தட்டியதை ஹாஷ் செய்து, ஏற்கெனவே சேமித்த ஹாஷோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

அடோபியில் நடந்தது

2013 அக்டோபரில் அடோபி நிறுவனத்தின் பயனர் பட்டியல் திருடு போனது. வெளியே வந்த கோப்பில் 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். பாஸ்வேர்டுகள் ஹாஷ் செய்யப்படவில்லை. டிரிபிள் டெஸ் என்ற முறையில், எல்லாருக்கும் ஒரே சாவியால் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன. அந்தச் சாவி மட்டும் கசிந்திருந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்.

சாவி வெளிவரவில்லை. ஆனால் அது தேவையும் படவில்லை. அவர்கள் பயன்படுத்திய விதத்தில், ஒரே பாஸ்வேர்டு வைத்த எல்லாருக்கும் பூட்டிய வடிவமும் ஒன்றாகவே இருந்தது. போதாததற்கு, மறந்தால் ஞாபகப்படுத்த என்று பயனர்கள் எழுதிய குறிப்புகள் பூட்டப்படாமல் பக்கத்திலேயே கிடந்தன. ஒரே மாதிரி இருக்கும் பதிவுகளைச் சேர்த்து வைத்து, அவற்றின் குறிப்புகளைப் படித்தால் ஒருவர் ‘எண்கள்’ என்றிருப்பார், இன்னொருவர் ‘ஒன்று முதல் ஆறு வரை’ என்று போட்டுடைத்திருப்பார். ஒருவரின் அசட்டை அந்தக் கும்பல் முழுவதையும் காட்டிக்கொடுத்துவிடும். `123456` வைத்திருந்தவர்கள் மட்டும் சுமார் 19 லட்சம் பேர் என்று இப்படித்தான் கணக்கெடுத்தார்கள்.

அப்படியானால் ஹாஷ் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமா? வெறும் ஹாஷ் என்றால், அதுவும் இல்லை.

படி 3: ஹாஷை ‘உடைப்பது’

திருடிய பட்டியலில் இந்த ஹாஷ் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்:

```
5e884898da28047151d0e56f8dc6292773603d0d6aabbdd62a11ef721d1542d8
```

இதைப் பின்னோக்கி அவிழ்க்க முடியாது. முன்னோக்கி ஊகிக்கலாம்:

```
for w in 123456 qwerty password; do
  printf '%s' "$w" | sha256sum
done
```

மூன்றாவது விடையைப் பாருங்கள், அச்சு அசல் அதே. ஆள் வைத்திருந்த பாஸ்வேர்டு `password`. திருடர்களும் இதையேதான் செய்கிறார்கள், மூன்று சொல்லுக்குப் பதில் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டு. படி 1-இலும் இங்கேயும் நாம் போட்ட ஹாஷ் முறையான SHA-256 வேகத்துக்காகச் செய்யப்பட்டது. விளையாட்டுக்கு வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே நொடிக்குப் பல நூறு கோடி ஹாஷ் போடும். 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் SHA-1 என்ற இன்னொரு வேகமான முறையில், வேறெதுவும் கலக்காமல் போடப்பட்டவை. அவற்றில் பெரும்பகுதியை விரைவிலேயே ஊகித்துவிட்டார்கள்.

படி 4: உப்புப் போடுவது

```
openssl passwd -6
```

இதை இரண்டு முறை ஓட்டி, இரண்டு முறையும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுங்கள். விடைகள் வெவ்வேறாக இருக்கும். `$6$` என்பது முறையின் பெயர், அடுத்த `$` வரை இருப்பதுதான் சால்ட், அதாவது உப்பு: ஒவ்வொருவருக்கும் தனியாகத் தூவப்படும் ஒரு தற்செயல் எழுத்துக்கோவை. அதற்குப் பிறகு வருவது ஹாஷ். உப்பு ரகசியமில்லை, ஹாஷின் பக்கத்திலேயே கிடக்கலாம். அதன் வேலை, ஒரே பாஸ்வேர்டு வைத்த 19 லட்சம் பேரையும் வெவ்வேறாகக் காட்டுவது. திருடன் ஒருமுறை ஊகித்து எல்லாரையும் பிடிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த முறை உள்ளுக்குள் 5,000 சுற்று சுற்றி வேகத்தையும் குறைக்கிறது. இன்றைய தளங்களுக்கு, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் bcrypt, Argon2 போன்ற ஹாஷ் முறைகள் பொருத்தம். நீங்கள் உள்ளே நுழையும்போது கால் நொடி தாமதம் தெரியவே தெரியாது. கோடிக்கணக்கில் ஊகிப்பவனுக்கு அது ஆண்டுக்கணக்காகும். ஆனாலும் `123456` வைத்திருப்பவரை எந்த உப்பும் காப்பாற்றாது, அது முதல் பத்து ஊகத்துக்குள் வந்துவிடும்.

ஒரு தளம் என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து முழுதாகத் தெரியாது. ஆனால் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தியதும் உங்கள் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பினால், அங்கே ஹாஷ் இல்லை என்பது உறுதி. அந்தப் பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் அன்றே மாற்றிவிடுங்கள்.

“உங்கள் மொபைல் எண்ணை ஹாஷ் செய்துதான் பகிர்கிறோம்” என்று செயலிகள் சொல்வதையும் இனி நீங்களே எடை போடலாம். இந்திய மொபைல் எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி எண்கள்தான் இருக்க முடியும். படி 3-இல் சொன்ன அந்த ஒற்றை கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது சில நொடி வேலை.