தீயணைப்புத் தொட்டியும் பம்புகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வந்த பொறியாளர்களின் வரைபடங்களைச் சரிபார்க்கும்போது அதே தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. கணக்குப் பிழைகளை விட்டுவிடுகிறேன், அவை எப்படியும் பிடிபடும்.

தொட்டியின் மொத்தக் கொள்ளளவை நம்புவது

எனக்கு இன்றும் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். ஒரு கட்டடத்துக்கு நிமிடத்துக்கு 2850 லிட்டர் தரும் மெயின் பம்ப், ஒரு மணி நேர இருப்பு என்று முடிவானது. அப்படியானால் 171 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். வரைபடத்தில் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் தொட்டி, பக்கத்தில் 180 கன மீட்டர் என்று எழுதியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஓவர்ஃப்ளோ குழாய் 2.7 மீட்டரில் இருந்தது, அதற்கு மேல் தண்ணீர் நிற்காது. பம்ப் கேசிங்கின் மேல்விளிம்போ தொட்டித் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்தில். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் பம்ப் நிரம்பிய நிலையில் இருக்காது, காற்று புகும். ஆக, நம்பக்கூடிய ஆழம் 2 மீட்டர்தான். 120 கன மீட்டர், அதாவது 42 நிமிடம். கான்கிரீட் போட்ட பிறகுதான் இது தெரியவந்தது.

பம்ப் அறைத் தரையைத் தாழ்த்தி, கேசிங் மேல்விளிம்பைத் தொட்டித் தரை மட்டத்துக்கே கொண்டுவந்தாலும் 162தான் கிடைக்கும். அதே உயரங்களை வைத்துக்கொண்டால் தொட்டியின் நீளம் 14.25 மீட்டராக இருந்திருக்க வேண்டும். அதனால் முதலில் பம்ப் பீடத்தின் உயரத்தையும் ஓவர்ஃப்ளோ மட்டத்தையும் முடிவு செய்யுங்கள், அப்புறம் தொட்டியை வரையுங்கள்.

வீட்டு உபயோகத் தண்ணீரைத் தீயணைப்புத் தொட்டியின் அடியிலிருந்து எடுப்பது

கூடாது. தீயணைப்புத் தொட்டி நிரம்பி வழிந்து வீட்டுத் தொட்டிக்குப் போகட்டும். இருப்பும் குறையாது, தண்ணீரும் தேங்கிக் கெடாது.

"எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய ஜாக்கி பம்ப்

ஜாக்கியின் வேலை, வால்வுகளிலும் இணைப்புகளிலும் கசிவதை ஈடுகட்டிக் குழாயில் அழுத்தத்தைக் காப்பது மட்டுமே. இந்த அளவு மெயின் பம்புக்கு நிமிடத்துக்கு 180 லிட்டர் ஜாக்கி போதும். K80 ஸ்பிரிங்க்ளர் ஒன்று 6 பாரில் திறந்தால் ஏறக்குறைய 196 லிட்டர் கொட்டும். ஜாக்கியால் ஈடுகொடுக்க முடியாது, அழுத்தம் சரியும், மெயின் பம்ப் ஓடத் தொடங்கும். அங்கே 450 லிட்டர் ஜாக்கியை வைத்தால் இரண்டு ஸ்பிரிங்க்ளர் திறந்தாலும் அது தாங்கிப் பிடித்துவிடும். தீ பரவிக்கொண்டிருக்கும், மெயின் பம்ப் தூங்கும்.

பராமரிப்பவர்களுக்கு ஒன்று: ஜாக்கி அடிக்கடி ஓடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடுங்கள், பம்பைப் பெரிதாக்காதீர்கள்.

மெயின் பம்புக்கு ஒரே புள்ளியை மட்டும் பார்ப்பது

குறிப்பிட்ட ஓட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓட்டத்திலும், குறிப்பிட்ட ஹெட்டில், அதாவது பம்ப் தர வேண்டிய அழுத்தத்தில், 65 சதவீதமாவது கிடைக்க வேண்டும். ஓட்டம் மாறும்போது ஹெட் எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோட்டை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்.

மெயின் பம்பைத் தானாக நிற்க விடுவது

வேண்டாம். ஆள் வந்து பார்த்துக் கையால்தான் நிறுத்த வேண்டும்.