வீடியோக்களை வகை பிரித்துக் காலண்டர் போடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வீடியோக்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகையின் சராசரி வியூஸையும் பார்த்து, அதிகம் ஓடும் வகைக்கு அடுத்த மாத வெளியீட்டுக் காலண்டரில் அதிக இடம் கொடுப்பது நல்ல முறைதான். ஆனால் ஷீட்டில் வரும் எண் பொய்யாக இருந்தால் மூன்று மாத உழைப்பு தவறான வகைக்குப் போய்விடும். யூடியூபில் ஒரு சமையல் சேனலை வைத்துப் பார்ப்போம். கீழே வரும் வியூஸ் எண்கள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை.

தவறு முதலில் நடப்பது வகை பிரிக்கும்போதே. வியூஸ் நெடுவரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தால், நன்றாக ஓடியதெல்லாம் நமக்குப் பிடித்த வகைக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தக்காளித் தொக்கு நன்றாக ஓடியிருந்தால் அது ‘ஊறுகாய்’ ஆகிவிடும், ஓடாவிட்டால் ‘சைடு டிஷ்’. அதனால் வியூஸ் நெடுவரிசையை மறைத்துவிட்டு, தலைப்பை மட்டும் பார்த்துப் பிரியுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரே வகை. பார்ப்பவர் எதற்காக வந்தார் என்பதுதான் அளவுகோல்: காலையில் அவசரமாகச் செய்ய வழி தேடுகிறவர் ஒரு கூட்டம், வருஷத்துக்கு ஒருமுறை ஊறுகாய் போடுகிறவர் இன்னொரு கூட்டம். 40 வீடியோ இருந்தால் நாலைந்து வகை போதும். பத்து வகை வைத்தால் சிலவற்றில் இரண்டே வீடியோ நிற்கும். இரண்டின் சராசரி எதையும் சொல்லாது. ஐந்துக்குக் குறைவாக உள்ள வகையை ‘இன்னும் தெரியாது’ என்றே குறித்து வையுங்கள்.

ஷார்ட்ஸைத் தனி ஷீட்டில் போடுங்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், வியூ என்று கணக்காகிறது. நீள வீடியோவின் வியூவோடு அதைச் சேர்த்தால் சராசரிக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது வயது. பெரும்பாலோர் எடுப்பது இன்றுவரையான மொத்த வியூஸ். இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட குழம்பு வீடியோக்கள் தலைக்கு 40,000, அண்மையில் போட்ட டிபன் வீடியோக்கள் தலைக்கு 7,000 என்று தெரியும். உடனே குழம்புதான் ஜெயிக்கிறது என்ற முடிவுக்கு வருவார்கள். அந்தக் குழம்பு வீடியோக்கள் முதல் 28 நாளில் 5,000தான் வாங்கியிருக்கலாம். மீதி இரண்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. இதைச் சரிசெய்கிறேன் என்று மொத்த வியூஸை நாள் கணக்கால் வகுப்பவர்களும் உண்டு. அது எதிர்ப்பக்கம் சாய்த்துவிடும். 10 நாள் வயதான வீடியோ 5,000 வாங்கியிருந்தால் நாளுக்கு 500; 400 நாளில் 40,000 வாங்கியதற்கு நாளுக்கு 100. முதல் வாரத்து வேகம் பெரும்பாலான வீடியோக்களுக்கு நீடிப்பதில்லை, அதனால் புதியது பெரும்பாலும் பெரிதாகத் தெரியும்.

சரியான வழி, எல்லா வீடியோவுக்கும் ஒரே வயதில் எண்ணை எடுப்பது. யூடியூப் ஸ்டூடியோவில் வீடியோவின் Analytics-ஐத் திறந்து, தேதிப் பெட்டியில் Custom கொடுத்து, வெளியான நாளிலிருந்து 28 நாளை மட்டும் தேர்ந்தெடுத்து, வரும் வியூஸை ஷீட்டில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு வீடியோவுக்கு ஒருமுறை செய்தால் போதும். 28 நாள் ஆகாத வீடியோவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே தேதி அமெரிக்கப் பசிபிக் நேரப்படி ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நம் ஊரில் காலை 9 மணிக்குப் போட்ட வீடியோவின் முதல் நாள் அங்கே முந்தின தேதி.

மெதுவாகச் சேரும் வியூஸுக்கும் மதிப்பு உண்டுதான். அதற்குப் பக்கத்தில் முதல் 180 நாள் என்று இன்னொரு நெடுவரிசை போடுங்கள். இரண்டு நெடுவரிசையையும் கலக்காதீர்கள்.

இனி சராசரி. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஊறுகாய் வகையில் ஆறு வீடியோ. 28 நாள் வியூஸ் 2,500, 2,800, 3,100, 3,600, 4,000, 68,000. டிபன் வகையில் ஒன்பது: 5,200, 6,100, 6,400, 7,000, 7,300, 7,800, 8,500, 9,200, 11,000. சராசரி எடுத்தால் ஊறுகாய்க்கு 14,000, டிபனுக்கு ஏறக்குறைய 7,600. ஊறுகாய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று காலண்டரை நிரப்பிவிடுவோம். ஆனால் வரிசையைப் பாருங்கள்: ஆறில் ஐந்து ஊறுகாய் வீடியோ, டிபனில் ஆகக் குறைவாக ஓடியதைக்கூட எட்டவில்லை. அந்த 68,000 ஒன்றுதான் மொத்த வகையையும் தூக்கி நிறுத்துகிறது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, நடுவில் இரண்டு நின்றால் அவற்றின் சராசரியை, அதாவது இடைநிலையை, எடுத்தால் ஊறுகாய்க்கு 3,350, டிபனுக்கு 7,300. அடுத்த வீடியோ போட்டால் என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதுதான் நெருக்கமான பதில். கூகுள் ஷீட்டில் C நெடுவரிசையில் வகை, D-இல் 28 நாள் வியூஸ் என்றால்:

```
=MEDIAN(FILTER(D2:D41, C2:C41="டிபன்"))
```

வகையின் பெயரை எல்லா வரியிலும் ஒரே எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். ஓரிடத்தில் ‘டிஃபன்’ என்று இருந்தால் அந்த வீடியோ சத்தமில்லாமல் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

அதற்காக 68,000 வீடியோவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதன் Traffic source-ஐ, அதாவது வியூஸ் எங்கிருந்து வந்தது என்பதை, பாருங்கள். External-இல் பெரும்பங்கு வந்திருந்தால் யாரோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டிருக்கலாம்; அது திரும்பவும் நடக்கும் என்று திட்டம் போட முடியாது. YouTube search-இலிருந்து வந்திருந்தால் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்றும் அங்கேயே தெரியும். எண்ணெய் இல்லாத ஊறுகாயைத் தேடி வந்திருந்தால் அது ஒரு தனி வகைக்கான விதை. அதே பாணியில் இரண்டு வீடியோ போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

பண்டிகைப் பலகாரத்துக்குத் தனிக் கண்டிப்பு வேண்டும். முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு எல்லாம் தீபாவளியை ஒட்டி வந்தவை. அந்த வகையின் உயரமான எண்ணில் ஒரு பங்கு பருவத்துக்குச் சொந்தம். ஜூன் மாதத்தில் அதே முறுக்கைப் போட்டால் அந்த எண் வராது. அதனால் இந்த வகையை ஆண்டு முழுவதுக்குமான இடைநிலையோடு ஒப்பிடாமல், அதே வாரங்களில் வந்த மற்ற வீடியோக்களோடு ஒப்பிடுங்கள். காலண்டரில் போடும்போதும் போன வருஷத் தேதியை அப்படியே எடுக்காதீர்கள். தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. பண்டிகைக்கு எத்தனை நாள் முன் போட்டோம் என்று எண்ணி எழுதுங்கள். இரண்டு நாள் முன் வந்த அதிரசத்துக்கு மாவு ஊறவைக்கக்கூட நேரம் இருக்காது. அதன் எண் குறைந்ததற்கு அதிரசம் காரணமில்லை.

காலண்டர் போடும் நேரத்தில் கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள்: ஜெயித்தது வகையா, வேறேதாவதா? டிபன் வீடியோ எல்லாம் 6 நிமிஷம், அவற்றில் அம்மாவே சமைக்கிறார். குழம்பு எல்லாம் 18 நிமிஷம், முகமே இல்லை என்றால், இந்த ஒப்பீடு டிபனைப் பற்றியதல்ல. அம்மாவை வைத்து 6 நிமிஷத்தில் இரண்டு குழம்பு எடுத்துப் பார்க்காமல் குழம்பை ஒதுக்க வேண்டாம்.

மாதம் எட்டு வீடியோ என்றால் எட்டையும் டிபனுக்குக் கொடுப்பது இன்னொரு தவறு. மாதம் ஒன்றாக வந்தபோது வாங்கிய 7,300-ஐ வாரம் இரண்டாக வரும்போதும் வாங்கும் என்று சொல்ல முடியாது. நாலு டிபன், இரண்டு குழம்பு, ஒரு சோதனை வீடியோ, பருவத்துக்கென்று ஓர் இடம் என்று தொடங்கலாம். காலண்டரில் எழுதும்போதே வகையையும் எழுதிவிட்டால், 28 நாள் கழித்து எண்ணை மட்டும் நிரப்பினால் போதும். புதிதாகப் போட்ட நாலு டிபனின் இடைநிலை 5,000-க்குக் கீழே போனால் அடுத்த மாதம் இரண்டாகக் குறையுங்கள்.