தங்கச் சங்கிலி, கம்மல்: வீட்டில் கழுவும்போது தவிர்க்க வேண்டியவை

தினமும் கழுத்தில் கிடக்கும் சங்கிலி மங்கிப்போனால், தங்கமே மங்கிவிட்டதாக நினைத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறோம். பெரும்பாலும் மங்குவது தங்கம் இல்லை. நாம் வாங்கும் 22 காரட் நகையில் 91.6 சதவீதம் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் போன்ற கலப்பு உலோகங்கள். அந்தத் தங்கத்தை வியர்வையோ காற்றோ ஒன்றும் செய்வதில்லை. மேலே படிவது தலை எண்ணெய், சோப்புப் படிவு, மஞ்சள், பவுடர், இவற்றில் ஒட்டிய தூசி. இது முதல் வகை. கலப்பில் உள்ள செம்பும் வெள்ளியும் கறுப்பது இரண்டாவது வகை. பல வருடங்கள் உரசி, கீறல் விழுந்து, பளபளப்பு போய்விடுவது மூன்றாவது வகை.

வீட்டில் கழுவினால் போவது முதல் வகை மட்டும்தான். மற்ற இரண்டையும் வீட்டிலேயே போக்கப் பார்க்கும்போதுதான் நகை கெடுகிறது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே இங்கிருந்து தொடங்குபவை.

பேஸ்ட்டும் பல்பொடியும்

மிக அதிகமாக நடக்கும் தவறு டூத்பேஸ்ட். அதில் பல்லின் கறையைத் தேய்த்தெடுக்க நுண்ணிய சிலிக்காவோ சுண்ணாம்புத் துகளோ சேர்த்திருப்பார்கள். பல் எனாமல் கடினமானது, தாங்கிக்கொள்ளும். 22 காரட் தங்கம் அதைவிட மிகவும் மென்மையானது, அதனால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். தேய்த்தவுடன் அழுக்கு போய்ப் பளிச்சென்று இருப்பதால் ஏமாந்துவிடுவோம். நாலைந்து முறை ஆனதும் கண்ணாடி போல இருந்த பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கும். அப்புறம் எவ்வளவு கழுவினாலும் அந்தப் பழைய மினுக்கு வராது. விபூதி, பல்பொடி, சாம்பல், ஆப்ப சோடா, துணி சோப்புத்தூள் எல்லாவற்றிலும் இதே தொல்லைதான். வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துடைத்து மின்ன வைத்த பழக்கத்தில் தங்கத்துக்கும் அதையே செய்கிறார்கள். வேண்டாம்.

இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. ஹால்மார்க் முத்திரை நகையின் மேல் லேசரில் மிக மெலிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கொக்கிக்குப் பக்கத்திலோ கம்மலின் பின்பக்கத்திலோ உள்ள அந்தச் சின்ன எழுத்துகளைப் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால், ஒருநாள் படிக்க முடியாமல் போய்விடும். நகையை மாற்றும்போதோ விற்கும்போதோதான் அதன் அருமை தெரியும்.

ப்ளீச்சிங் பவுடரும் பாத்ரூம் கழுவும் திரவங்களும் நகையின் பக்கமே வரக்கூடாது. குளோரின் கலப்பு உலோகத்தைத் தாக்கும். 22 காரட்டைவிட 18 காரட் நகையில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அதில் கால்பங்கு வேறு உலோகம். வைரக் கம்மல்கள் பல 18 காரட்டில் செய்யப்படுபவை. கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய பற்களில் வெடிப்பு விழுந்தால் கல் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும். வீடு கழுவும்போதும் நீச்சல் குளத்தில் இறங்கும்போதும் நகையைக் கழற்றி வைப்பது நல்லது.

கொதிக்க வைப்பது

பூந்திக்கொட்டையோடு நகையைப் போட்டுக் கொதிக்க வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பூந்திக்கொட்டை நல்லதுதான், அதன் நுரை எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும். கெடுதல் கொதியில் இருக்கிறது. உள்ளே கூடாக இருக்கும் குண்டுகளிலும் சில பழைய நகைகளிலும் அரக்கு நிரப்பியிருப்பார்கள். சூட்டில் அது இளகி வெளியே கசியும், குண்டு நசுங்க இடமாகும். கல் வைத்த நகையைச் சூட்டிலிருந்து எடுத்து உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கல்லில் விரிசல் விழலாம். மரகதத்தில் இயற்கையாகவே உள்ள கீற்றுகளை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பது வழக்கம், சுடுதண்ணீரிலும் சோப்பிலும் அது வெளியேறிவிட்டால் கீற்றுகள் தெரிய ஆரம்பிக்கும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை, புளி, எலுமிச்சை, வினிகர் எது பட்டாலும் மேல்பரப்பு அரிக்கும். இவற்றை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

கல் நகையில் முதலில் செய்ய வேண்டியது அதைத் திருப்பிப் பார்ப்பது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னாலிருந்து கல்லின் அடி தெரிகிறதா? தெரிந்தால் அது திறந்த கட்டடம், கழுவலாம். பின்பக்கம் தங்கத் தகடு மூடியிருந்தால் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். கெம்பு நகைகளிலும் குந்தன் நகைகளிலும் கல்லுக்கு அடியில் மின்னும் தாள் வைத்திருப்பார்கள். ஓரத்தில் தண்ணீர் நுழைந்தால் அந்தத் தாள் கறுத்துவிடும். மேலே நின்று பார்த்தால் கல்லே செத்துப்போன மாதிரி இருக்கும். அதை வீட்டில் சரிசெய்யவே முடியாது, கல்லைக் கழற்றித் தாளை மாற்ற வேண்டும்.

ஒரு மூன்று பவுன் சங்கிலி, ஒரு ஜோடி ஏழு கல் தோடு

தினமும் போடும் 24 கிராம் சங்கிலியும், பின்பக்கம் திறந்த ஏழு கல் வைரத்தோடும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். வைரம் தங்கத்தைக் கீறும் என்பதால் ஒன்றாகப் போடக்கூடாது. கை பொறுக்கும் சூட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நாலு சொட்டு. பூந்திக்கொட்டைதான் வேண்டும் என்றால் நாலைந்தைக் கொட்டை நீக்கி ஊறவைத்து, நார் இல்லாமல் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். கால் மணி நேரம் ஊறட்டும்.

சங்கிலியை உள்ளங்கையில் போட்டு, குழந்தைகளுக்கான மென்மையான டூத் பிரஷ்ஷால், பேஸ்ட் படாத புது பிரஷ்ஷால், நீளவாக்கில் லேசாகத் தேய்க்க வேண்டும். இழுத்துப் பிடித்துத் தேய்த்தால் வளையங்களின் வாய் விலகும். அழுக்கு அதிகம் சேருவது கொக்கியிலும் முகப்பின் பின்பக்கத்திலும்தான், அங்கே கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

தோட்டில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். வைரத்தில் எண்ணெய் எளிதாக ஒட்டும். கல்லின் அடியில் பிசுக்கு படிந்தால் உள்ளே போன ஒளி சரியாகத் திரும்பாது, முன்பக்கத்தை எவ்வளவு துடைத்தாலும் கல் மங்கலாகவே இருக்கும். பிரஷ்ஷைப் பின்பக்கத் துளைகளில் மெதுவாக ஓட்டுங்கள். திருகாணி மரையில் சுற்றியிருக்கும் முடியைப் பல்குச்சியால் எடுக்கலாம், ஊக்கும் ஊசியும் வேண்டாம். கையால் செய்த தோடாக இருந்தால் இரண்டு திருகாணியும் ஒரே மாதிரி இருக்காது. எந்தத் தோட்டுக்கு எந்தத் திருகு என்று மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். மாறினால் மரை தேய்ந்து, அப்புறம் திருகு நிற்காது.

அலசுவதைக் குழாயடியில் செய்யாதீர்கள். இன்னொரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எடுத்து இரண்டு முறை முக்கி, டீ வடிகட்டியில் ஊற்றினால் திருகாணி தப்பாது. பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒற்றி, விசிறிக்கடியில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டபின் பெட்டியில் வையுங்கள். ஜிமிக்கி என்றால் உள்ளே தண்ணீர் நிற்கும், கவிழ்த்து வைக்க வேண்டும்.

இப்போது பாருங்கள். சங்கிலி முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தால் வேலை முடிந்தது. கொக்கி பற்றவைத்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்பு நிற்கிறது என்றால் அது அழுக்கு இல்லை, பற்றவைப்பில் இருக்கும் வேறு உலோகம் கறுத்தது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது பத்தர் கைக்குப் போக வேண்டியது.

எப்போது கடைக்குப் போவது

நகை சுத்தமாக இருக்கும்போதுதான் அதன் பழுது கண்ணில் படும். சங்கிலியில் ஒரு வளையத்தோடு இன்னொரு வளையம் உரசும் உள்விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். மற்ற இடத்தைவிட அங்கே கம்பி மெலிந்து தெரிந்தால் அது அறப்போகிறது. கொக்கியை ஒட்டிய வளையமும் முகப்பை மாட்டும் வளையமும்தான் முதலில் தேயும். சங்கிலி முன்பைவிட நீளமாகிவிட்ட மாதிரி இருப்பதும் தேய்மானத்தின் அடையாளம். தாலிக்கொடியில் உருக்கள் தொங்கும் வளையங்களையும் இப்படியே பாருங்கள்.

தோட்டைக் காதருகே பிடித்து லேசாக ஆட்டினால் டிக் டிக்கென்று சத்தம் வருகிறதா? கல் ஆடுகிறது. துணியில் துடைக்கும்போது நூல் மாட்டுகிறதா? பல் ஒன்று தூக்கியிருக்கிறது. திருகு கடைசிவரை ஏறியும் தானாகக் கழன்றால் மரை போய்விட்டது. இவற்றில் எது இருந்தாலும் சரிசெய்யும்வரை போட்டுக்கொள்ள வேண்டாம். பசை வைத்து ஒட்டுவதும் கூடாது, பசையை எடுக்கப் பத்தர் நகையை மேலும் சூடேற்ற வேண்டிவரும். வெள்ளைத் தங்கம் மஞ்சளடித்தால் அதன் மேல் உள்ள ரோடியம் பூச்சு தேய்ந்திருக்கிறது, அதைக் கடையில்தான் மறுபடி பூச முடியும்.

பாலிஷ் போடக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்பது என் முக்கியமான ஆலோசனை. அழுக்குக்கும் எடை உண்டு. அழுக்கோடு எடை போட்டுக் கொடுத்தால், திரும்பும்போது குறைந்திருப்பது அழுக்கா தங்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. கழுவிய நகையை உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லி, மில்லிகிராம் வரை ரசீதில் எழுதி வாங்குங்கள். பாலிஷ் என்பதே மேல்பரப்பை மெல்லியதாக எடுப்பதுதான், சிறு குறைவு இருக்கத்தான் செய்யும். அதனால் சும்மா அடிக்கடி பாலிஷ் போடவும் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் நகையில் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது அதே எண்தானா, இன்னும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த வகை நகை, எத்தனை காரட் என்று காட்டும்.

கடைக்குப் போக அலுத்துக்கொண்டு வாசலுக்கு வருபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு பித்தளைச் சொம்பை வாங்கி இலவசமாக மின்ன வைத்துக் காட்டுவார்கள். நம்பிக்கை வந்ததும் சங்கிலியைக் கேட்பார்கள். அவர்கள் முக்கும் திரவத்தில் இருப்பது தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகம். மஞ்சள்பொடியைப் பூசி, கொஞ்ச நேரம் கழித்துக் கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சங்கிலி பளபளவென்றுதான் இருக்கும், எடை போட்டால்தான் கரைந்தது தெரியும். அப்படி யாராவது தெருவில் வந்தால் சொம்பைக்கூடக் கொடுக்காமல் 100க்கோ 112க்கோ போன் செய்து, பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.