ஏ0 போர்டுக்கு ரெண்டர் அனுப்பும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்க்கிடெக்சர் இறுதியாண்டு ஜூரிக்கான ஏ0 போர்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். போர்டின் முழு அகலத்துக்கும், அதாவது 841 மில்லிமீட்டருக்கு, கட்டடத்தின் வெளிப்புற ரெண்டர் வர வேண்டும். கையில் இருப்பதோ 1920 x 1080 பிக்ஸல் படம். 841 மி.மீ. என்பது ஏறக்குறைய 33.1 அங்குலம். 1920-ஐ அதனால் வகுத்தால் அங்குலத்துக்கு 58 பிக்ஸல், அதாவது 58 பிபிஐதான் தேறும்.

பலரும் இங்கே போட்டோஷாப்பில் Image Size பெட்டியைத் திறந்து, Resolution-இல் 300 என்று அடித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். Resample டிக் போட்டிருந்தால் மென்பொருள் நடுவில் பிக்ஸல்களை ஊகித்து நிரப்பும். கோப்பு வீங்கும், ஆனால் செங்கல்லின் விவரம் ஒன்றும் கூடாது. டிக் இல்லையென்றால் பிக்ஸல் அப்படியே இருக்கும், அச்சு அளவுதான் சுருங்கும். அளவை ரெண்டர் போடும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

அதற்காக 300 தேவையா என்றால், இந்த அளவுக்குத் தேவையில்லை. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரின் கண் ஏறக்குறைய 0.3 மி.மீ.க்குக் குறைவான நுணுக்கத்தைப் பிரித்தறியாது. அது 90 பிபிஐ-க்குச் சற்றுக் கீழே. ஜூரியில் ஒருவர் குனிந்து கிட்டத்தில் பார்ப்பார் என்பதையும் சேர்த்தால் 150 நியாயமான இலக்கு. நம் படத்துக்கு அது 4967 x 2794 பிக்ஸல். 1920 x 1080-ஐவிட மொத்தத்தில் கிட்டத்தட்ட 6.7 மடங்கு பிக்ஸல் என்பதால், முக்கால் மணி நேரம் ஓடிய ரெண்டர் ஐந்து மணி நேரம்வரை ஓடலாம். அந்த நேரத்தை மிச்சப்படுத்த சாம்பிளை வெகுவாகக் குறைத்து டீநாய்சரை நம்பினால், இலைகளும் சுவரின் சொரசொரப்பும் மெழுகுபோல் வழிந்துவிடும். திரையில் சுருக்கிப் பார்க்கும்போது இது தெரியாது, போர்டில் தெரியும். எழுத்துகளை மட்டும் படத்தோடு சேர்த்துப் பிக்ஸலாக்காமல், இன்டிசைனிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ தனியாக வையுங்கள்.

நிறத்தில் பெரிய தவறு, "பிரிண்ட் என்றால் சிஎம்ஒய்கே" என்று மனப்பாடமாக Image > Mode > CMYK Color போடுவது. அப்போது உங்கள் கலர் செட்டிங்கில் எந்த ப்ரொஃபைல் இருக்கிறதோ அதற்குப் படம் மாறும். பல கணினிகளில் அது U.S. Web Coated (SWOP) v2, அமெரிக்க ஆஃப்செட் அச்சகங்களுக்கானது. உங்கள் போர்டு அச்சாகப்போவது இங்க்ஜெட் ப்ளாட்டரில். ப்ளாட்டரால் காட்ட முடிந்த வான நீலத்தையும் நீங்களே முன்கூட்டி வெட்டி எறிந்துவிடுகிறீர்கள், பிறகு அது திரும்பி வராது. கடைக்காரர் வேறு எதுவும் கேட்காதவரை ஆர்ஜிபியாகவே, ப்ரொஃபைல் பதித்து அனுப்புங்கள். அவரிடம் அந்தத் தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைல் இருந்தால் வாங்கி, View > Proof Setup > Custom-இல் போட்டுப் பார்த்தால் எந்த நிறம் மங்கும் என்று முன்பே தெரியும்.

ரெண்டர் கோப்பில் ப்ரொஃபைலே இல்லையென்றால் Assign Profile மூலம் sRGB கொடுங்கள். அங்கே Adobe RGB-ஐத் தேர்ந்தெடுத்தால் நிறங்கள் அப்பட்டமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். இருட்டு இன்னொரு தொல்லை. மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்து வேலை செய்தவரின் மாலை நேரக் காட்சி, போர்டில் கரிப்பூச்சாக வரும். காகிதம் தானாக ஒளிராது அல்லவா? ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, இரண்டும் ஒத்துவரும்வரை வெளிச்சத்தைக் குறைத்த பிறகு Curves-இல் நிழலைத் தூக்குங்கள்.

ஷார்ப்னிங் கடைசி வேலை. 1920-இல் ஷார்ப் செய்து பிறகு பெரிதாக்கினால், கூரை விளிம்பைச் சுற்றிய வெள்ளைக் கோடும் சேர்ந்து பெரிதாகும். இறுதி அளவில், 150 பிபிஐ-இல், ஒரு பிக்ஸல் 0.17 மி.மீ. ஆகவே Unsharp Mask-இல் Radius ஒன்றை ஒட்டி இருந்தால் அந்தக் கோடு கண்ணில் படாது. மூன்று, நான்கு என்று போனால் ஒரு மீட்டரிலும் தெரியும். மேட் தாள் மையைச் சற்று இழுத்துக்கொள்ளும் என்பதால் Amount கொஞ்சம் கூடலாம். இதை 100% ஜூமில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். சாதாரண மானிட்டர் ஏறக்குறைய 96 பிபிஐ என்பதால் அங்கே படம் அச்சைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். 65% பக்கம் வைத்தால் உண்மை அளவு.

இவ்வளவுக்குப் பிறகும் திரையை முழுதாக நம்ப வேண்டாம். முடிந்த கோப்பிலிருந்து வானம், அடர் நிழல், கூரை விளிம்பு மூன்றும் வரும்படி 1240 x 1754 பிக்ஸல் துண்டை வெட்டுங்கள், அது சரியாக ஏ4. அதே கடையில், அதே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அச்சிடும்போது "Fit to page" டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். அளவு மாறிவிட்டால், கூர்மையைப் பற்றி அந்தத் துண்டு காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.