ஒரு தாங்கி பெற்றோலில் ஜெனரேற்றர் எத்தனை மணி நேரம் ஓடும்?

மாங்குளத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு என் 2800 வோட் பெற்றோல் ஜெனரேற்றரைக் கொண்டுபோனேன். 15 லீற்றர் தாங்கி. முழுச் சுமையில் மணிக்கு 1.6 லீற்றர் குடிக்கும். அங்கே பாதிச் சுமைதான், ஆகவே மணிக்கு 0.8 லீற்றர் போதும், அடுத்த நாள் மத்தியானம் வரை ஓடும் என்று கணக்குப் போட்டேன். மாலை ஆறு மணிக்குப் போட்டது, விடிய ஆறே முக்காலுக்கே நின்றுவிட்டது. தவில்காரர் வந்து இறங்குகிற நேரம்!

பிழை அந்த 0.8 இல்தான். 50 ஹேர்ட்ஸ் தருவதற்காக இந்த வகை எஞ்சின் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் சுழல்கிறது. வெறுமனே சுழலவே பெற்றோல் வேண்டும். அதனால் சுமை பாதியானால் செலவு பாதியாகாது.

உங்கள் மெஷினுக்கு இரண்டே அளவுகள் எடுத்தால் போதும். சமதரையில் வைத்து, தாங்கியில் ஒரு குறி வரை ஊற்றுங்கள். சுமை இல்லாமல் சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, அளவுக் கோடு போட்ட போத்தலால் அதே குறி வரை ஊற்றினால் குறைந்த அளவு தெரியும். எனக்கு 0.6 லீற்றர். அடுத்து 500 வோட் ஹலோஜன் விளக்கு மூன்றைக் கொழுவி இன்னொரு மணி நேரம்: 1.14 லீற்றர். அயன்பொக்ஸை மட்டும் சுமையாக வைக்காதீர்கள். சூடானதும் தானாக நின்று நின்று எரியும், கணக்குக் குறைத்துக் காட்டும். நான் முதல் தடவை அதில்தான் ஏமாந்தேன்.

1500 வோட்டுக்குக் கூடுதலாக 0.54 லீற்றர், அதாவது ஒவ்வொரு 1000 வோட்டுக்கும் 0.36.

```
மணிக்கு லீற்றர் = 0.6 + 0.36 × கிலோவோட்
```

பாதிச் சுமையான 1.4 கிலோவோட்டுக்கு 1.1 லீற்றர் வருகிறது. தாங்கியின் அடியில் கொஞ்சம் வராது, வெயிலில் விரிவதற்கு மேலேயும் இடம் விட வேண்டும். அதனால் 15 ஐ நான் 13 என்றே எடுப்பேன்.

இப்போது அதே மாதிரி ஓர் இரவைக் கணக்கிடுவோம். ஆறிலிருந்து பதினொன்று வரை 1.4 கிலோவோட்: 5 × 1.1 = 5.5 லீற்றர். பிறகு பந்தல் விளக்குகளை அணைத்து, ஃபிரீசரும் சில குமிழும் மட்டும் என்றால் சராசரி 400 வோட், மணிக்கு 0.74. விடிய ஆறு வரை 5.2 லீற்றர். மொத்தம் 10.7. மிச்சம் 2.3 லீற்றர், திரும்பப் பந்தல் விளக்குகள் முழுவதையும் போட்டால் இரண்டு மணி நேரம். எட்டு மணிக்கு முன் நிறுத்தி, ஆறவிட்டு ஊற்ற வேண்டும். ஓடும்போது ஊற்றவே கூடாது.

பின்சேர்க்கை: இன்வேர்ட்டர் வகை ஜெனரேற்றர் வைத்திருக்கும் ஒருவர், தனக்கு வெறும் ஓட்டத்தில் இதைவிடக் குறைவாகவே வருகிறது என்று எழுதியிருந்தார். சரிதான், அந்த வகை சுமை குறைந்தால் வேகத்தையும் குறைக்கும். என் 0.6 ஐ எடுக்காமல் அதற்கும் அளந்து பாருங்கள். ஈக்கோ சுவிட்சைப் போட்டபடி அளந்தால் ஓட்டும்போதும் போட்டபடிதான் இருக்க வேண்டும்.