ஜீரோ கூப்பன் பத்திரம்: ஒரு சதவீத வட்டி 17 சதவீத விலையைத் தின்பது எப்படி

வட்டித் தவணையே இல்லாத பத்திரம் இது. குறைந்த விலைக்கு வாங்கி, முதிர்வில் முகமதிப்பைப் பெறுகிறோம். அரசுக் கடன்பத்திரத்தின் அசலையும் வட்டித் தவணைகளையும் தனித்தனியாகப் பிரித்து விற்கும் ஸ்டிரிப்ஸ், இந்தியாவில் 2010 முதல் இருக்கிறது. சூத்திரம் ஒரே வரிதான், ஆனாலும் புதியவர்கள் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

"வட்டி ஒரு சதவீதம் ஏறினால் விலையும் ஒரு சதவீதம்தானே இறங்கும்?"

எத்தனை முறை கேட்டாலும் எரிச்சலூட்டும் கேள்வி இது, ஏனென்றால் இந்த நினைப்பில்தான் பெரும்பணம் போகிறது. 10 லட்சம் ரூபாய் முகமதிப்பு, 20 ஆண்டு முதிர்வு என்று வைத்துக்கொள்வோம். சந்தை ஈட்டு விகிதம், அதாவது இன்று வாங்குபவருக்கு முதிர்வு வரை கிடைக்கும் ஆண்டு வருமான விகிதம், 7% என்றால் 10 லட்சத்தை 1.07-ஆல் இருபது முறை வகுக்க வேண்டும். விலை 2,58,419 ரூபாய். வாங்கிய மறுநாளே விகிதம் 8% ஆகிவிட்டால் விலை 2,14,548. ஒரே நாளில் 43,871 ரூபாய், அதாவது 17% காணாமல் போகிறது.

காரணம் அந்த இருபது முறை வகுத்தலில் இருக்கிறது. 1.07-க்குப் பதில் 1.08-ஆல் ஒருமுறை வகுத்தால் மதிப்பில் 0.93% மட்டுமே குறையும். அதே வெட்டு இருபது முறை அடுத்தடுத்து விழுவதால்தான் 17% ஆகிறது. 7% கூப்பன் தரும் 20 ஆண்டுப் பத்திரமோ இதே மாற்றத்தில் 9.8% மட்டுமே இறங்கும். அதன் முதலாண்டு வட்டித் தவணைக்கு ஒரே ஒரு வெட்டு, பத்தாம் ஆண்டுத் தவணைக்குப் பத்து. ஜீரோ கூப்பனில் முன்னால் வரும் பணமே கிடையாது, அதனால் முழுத்தொகையும் இருபது வெட்டையும் வாங்குகிறது.

"அரசு உத்தரவாதம் இருக்கிறதே" என்பார்கள். அந்த உத்தரவாதம் முதிர்வு நாளில் கிடைக்கும் 10 லட்சத்துக்குத்தான், நடுவில் விற்கும் விலைக்கு அல்ல. ஓராண்டு கழித்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கப் போகிறீர்கள், அப்போது விகிதம் 8% என்றால் கிடைப்பது 2,31,712 ரூபாய். ஓராண்டு காத்திருந்தும் போட்டதில் 26,707 குறைவு. பணம் தேவைப்படும் ஆண்டும் பத்திரம் முதிரும் ஆண்டும் ஒன்றாக இருக்கும்படி வாங்கினால் இந்த அடி விழாது. புதியவர்கள் செய்யும் தவறுகள் இன்னும் மூன்று உண்டு.

அரையாண்டுக் கணக்கை மறப்பது

மேலே எளிமைக்காக ஆண்டுக் கணக்கில் போட்டோம், ஆனால் இந்திய அரசுப் பத்திரங்களின் ஈட்டு விகிதம் அரையாண்டுக் கூட்டுவட்டியில் சொல்லப்படுகிறது. எக்செலில் இப்படிப் போடுங்கள்:

```
=1000000/(1+7%/2)^40
```

விடை 2,52,572. ஆண்டுக் கணக்கில் போட்டவர் 5,847 ரூபாய் அதிகம் கொடுத்துவிடுவார்.

டியூரேஷனைப் பெரிய மாற்றத்துக்கும் பயன்படுத்துவது

விகிதம் ஒரு சதவீதம் மாறினால் விலை எத்தனை சதவீதம் மாறும் என்று சொல்லும் அளவுதான் டியூரேஷன். 20-ஐ 1.07-ஆல் வகுத்தால் வரும் 18.7% தோராயம்தான். உண்மையில் விகிதம் ஒரு சதவீதம் ஏறினால் இறக்கம் 17%, ஒரு சதவீதம் இறங்கினால் ஏற்றம் 20.7%.

முதிர்வு நெருங்கிய பிறகும் அதே பயத்தில் இருப்பது

இரண்டு ஆண்டு மீதமிருந்தால் இரண்டு வெட்டுதான்.