ஐந்து கடமைகள், ஒரு அட்டவணை: இஸ்லாம் பாடம் எங்கே வழுக்குகிறது

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளை நடத்தச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் முதலில் கரும்பலகையில் ஒரு அட்டவணை போடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்று ஐந்து வரிசை. பெயர், பொருள், எப்போது செய்வது என்று மூன்று பத்தி. நாற்பது நிமிடப் பாடவேளையில் எல்லாம் முடிந்துவிடும், நோட்டும் நிறைந்துவிடும்.

என் ஏழாம் வகுப்பில் நடந்தது வேறு. முன் பெஞ்சில் நாலைந்து பேர் எட்டே நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில், இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற இரண்டு பையன்கள் மணியடிக்கும்வரை ‘ஜ’ போடுவதிலேயே போராடினார்கள். மறுநாள் கேட்டால் இரண்டு தரப்பும் சொன்னது ஒரே பதில்: “ஜகாத்னா தர்மம் பண்றது சார்.” அந்தப் பதில் ஏன் தவறு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அட்டவணையின் சிக்கல், அது ஐந்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் அடைத்துவிடுகிறது. உண்மையில் அவை ஒரே வகையே அல்ல. கலிமா நம்பிக்கையை அறிவிக்கும் ஒரு வாக்கியம். தொழுகை தினமும் ஐந்து வேளை. நோன்பு ஆண்டில் ஒரு மாதம். ஜகாத் என்ற கட்டாயக் கொடை ஆண்டுக்கு ஒரு தடவை, அதுவும் சேமிப்பு உள்ளவருக்கு. ஹஜ் வாழ்நாளில் ஒரு தடவை, போக முடிந்தவருக்கு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் ‘எல்லா முஸ்லிம்களும் இவற்றைச் செய்ய வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்தால் பாடம் அங்கேயே கோணலாகிவிடும்.

இப்போது நான் இரண்டு பாடவேளை எடுத்துக்கொள்கிறேன். முதல் பதினைந்து நிமிடத்தில் ஐந்தையும் கதைபோல வாயால் சொல்லிவிடுவேன். மீதி நேரம் முழுவதும் ஒன்றே ஒன்று, ஜகாத். பல நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு இதைப்போல வசதியான இடம் வேறில்லை. எழுத வராதவனுக்கும் எண்ண வரும்.

தூண் என்ற படம்

‘ஐந்து தூண்கள்’ என்றதும் அட்டையில் கட்டடம் செய்து, ஐந்து தூண் நிறுத்தி, ஒன்றை உருவிக் காட்டுகிற ஆசிரியர்கள் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பெண் கேட்டாள்: “ஹஜ் போகக் காசில்லாட்டி கட்டடம் விழுந்துடுமா சார்?” அந்த அட்டைக் கட்டடத்திடம் இதற்குப் பதில் இல்லை. குர்ஆனிடம் இருக்கிறது. ஹஜ்ஜைக் கடமையாக்கும் வசனமே (3:97) அங்கு சென்றுவர வசதி உள்ளவர்களுக்கு என்றுதான் சொல்கிறது. வசதியில்லாதவர் போகாததால் அவரிடம் குறை ஏதும் இல்லை. நோன்பிலும் அப்படியே. நோயாளியும் பயணியும் வேறு நாளில் நோற்றுக்கொள்ளலாம் (2:184, 185).

‘இஸ்லாம் ஐந்தின் மீது எழுப்பப்பட்டுள்ளது’ என்பதுதான் நபித்தோழர் இப்னு உமர் அறிவிக்கும், புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் உள்ள நபிமொழி. ‘தூண்’ என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை, விளக்கமாகப் பின்னால் வந்தது. அதை நான் சொல்வேன், ஆனால் பொம்மை செய்யச் சொல்வதில்லை.

2.5 சதவீதத்தில் விழும் பள்ளம்

ஜகாத் பற்றி மிகப் பரவலான தவறு, ‘வருமானத்தில் 2.5 சதவீதம் ஏழைகளுக்குக் கொடுப்பது’ என்று சொல்வது. கணக்கு வருமானத்தின் மேல் அல்ல. செலவுபோக மிஞ்சி, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல், ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்த சேமிப்பின் மேல். அந்த அளவுக்கு நிஸாப் என்று பெயர். தங்கத்தில் சுமார் 85 கிராம், அதாவது ஏறக்குறைய பதினொரு பவுன். வெள்ளியில் சுமார் 595 கிராம். இரண்டின் விலையும் ஏறி இறங்குவதால் ரூபாயில் அது மாறிக்கொண்டே இருக்கும். வகுப்புக்கு நானே ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறேன்: நிஸாப் 60,000 ரூபாய்.

அடுத்த தடுமாற்றம் 2.5 என்ற தசமம். ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அது சுவர். ‘நாற்பதில் ஒன்று’ என்று சொல்லிப் பாருங்கள், சுவர் இடிந்துவிடும். மரபான சட்ட நூல்களிலும் அதன் பெயர் ‘பத்தில் ஒன்றின் கால்பங்கு’ என்பதுதான். பத்தால் வகு, பாதியாக்கு, மறுபடியும் பாதியாக்கு. 2,00,000 என்பது 20,000 ஆகும், அப்புறம் 10,000, அப்புறம் 5,000.

நான் புளியங்கொட்டை கொண்டுபோவேன். நாற்பது கொட்டை, ஒவ்வொன்றும் ஐயாயிரம் ரூபாய். இரண்டு லட்சத்தை மேசையில் பரப்பி, ஒன்றை மட்டும் தள்ளி வைக்கச் சொல்வேன். கடைசி பெஞ்ச் பையன் அதைத் தள்ளி வைத்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றான். அதே குழுவில் இருந்த இன்னொருத்தி, “வருஷா வருஷம் ஒண்ணு போகுமே” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சுலபம் என்றால் குறைவாக எழுதுவதல்ல

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பின்தங்கியவர்களுக்கு மூன்று வரி, நடுத்தரத்துக்கு ஐந்து வரி, கெட்டிக்காரர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் பிரிந்தது எழுத்தின் அளவு மட்டும்தான். யோசனை எல்லோருக்கும் ஒன்றுதான், பூஜ்யம். நான் நான்கு அட்டை தருகிறேன். நான்கிலும் ஒரே கேள்வி: இவர் ஜகாத் கொடுக்க வேண்டுமா? எவ்வளவு? அட்டையில் வரி மிகக் குறைவு. படிக்க முடியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் காட்டலாம்.

முதல் அட்டை, ஒரு கடைக்காரர். இரண்டு லட்சம் ரூபாய் ஓராண்டாகக் கையில் இருக்கிறது, கடன் இல்லை. விடை 5,000. புளியங்கொட்டையே சொல்லிவிடும்.

இரண்டாவது, மாதம் 40,000 சம்பளம் வாங்குபவர். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து போக மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. அவசரக்காரர்கள் உடனே ‘ஆயிரம்’ என்பார்கள், 40,000-ஐ நாற்பதால் வகுத்து. விடை, எதுவும் இல்லை. வருமானம் வேறு, சேமிப்பு வேறு என்பது இந்த அட்டையில்தான் பதிகிறது. நன்றாகக் கணக்குப் போடுபவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குவார்கள்.

மூன்றாவது, கையில் 90,000, இந்த மாதமே திருப்பித் தர வேண்டிய கடன் 50,000. கழித்தால் 40,000, நிஸாபுக்குக் கீழே, ஆகவே இல்லை. கடனைக் கழிப்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து கிடையாது. அட்டையின் பின்பக்கம் ‘கழிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்’ என்று எழுதிவிடுகிறேன்.

நான்காவதைத்தான் முன் பெஞ்சுக்காரர்களுக்காக வைத்திருக்கிறேன். ஒரு தாயிடம் தினமும் அணியும் 12 பவுன் நகை, அதாவது 96 கிராம். நிஸாபைத் தாண்டியாயிற்று. கொடுக்க வேண்டுமா? மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட வழி. ஹனஃபி மத்ஹபின்படி ஆம். ஷாஃபி மத்ஹபின்படி, வழக்கமாக அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு வழியினரும் இருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி வழியே பெரும்பான்மை. ஆக, ஒரே நகைக்கு இரண்டு சரியான விடை. ‘எது சார் ரைட்டு?’ என்று கெட்டிக்காரர்கள் கொதித்துப்போவார்கள். இரண்டு தரப்பின் காரணத்தையும் ஊகித்து எழுதச் சொன்னால் பாடவேளை போதாது.

ஜகாத் தர்மமா என்ற கேள்வி இதற்குள் தானாகவே தீர்ந்திருக்கும். விரும்பியபோது விரும்பிய அளவு கொடுப்பது சதக்கா. ஜகாத்துக்கு அளவும், காலமும், பெறுபவர் யார் என்ற எட்டு வகைப் பட்டியலும் (9:60) உண்டு. பெற்ற தாய் தந்தைக்குக் கொடுத்து ஜகாத் என்று கணக்குக் காட்ட முடியாது, ஏனென்றால் அவர்களைப் பராமரிப்பது ஏற்கெனவே பிள்ளையின் பொறுப்பு. “எங்க வீட்ல பெருநாளுக்கு அரிசி குடுப்பாங்க, அதானே சார்?” என்று யாராவது கேட்பார்கள். அது ஃபித்ரா, நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. இரண்டையும் குழப்புவது ஆசிரியர்களிடமும் உண்டு.

‘நீ சொல்லும்மா’

இது நான் செய்த தவறு. ரமலான் மாதம். வகுப்பில் மூன்று முஸ்லிம் பிள்ளைகள். பாடத்துக்கு உயிர் வரட்டும் என்று ஒரு சிறுமியை எழுப்பி, “நீ சொல்லும்மா, இன்னிக்கு நோன்பா?” என்றேன். அவள் மேசையைப் பார்த்தாள். பின்னால் இருந்து ஒரு குரல்: “அவ காலையில தண்ணி குடிச்சா சார்.” வகுப்பு சிரித்தது. மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை, பிறகு அதை நோற்று ஈடு செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

வகுப்பில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவன் எல்லாம் அறிந்தவனும் அல்ல, எல்லா முஸ்லிம்களுக்கும் பிரதிநிதியும் அல்ல. தானாகக் கை தூக்கினால் பேசட்டும். அப்போதும் ‘உங்கள் வீட்டில்’ என்று மட்டும் கேட்க வேண்டும், ‘உங்கள் மதத்தில்’ என்று அல்ல.

சொல்ல வைப்பதும் செய்ய வைப்பதும்

கலிமாவை மொத்த வகுப்பும் உரக்கச் சொல்லிப் பழகுவது, தொழுகையை நடித்துக் காட்டுவது இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ‘இறைவனைத் தவிர வணக்கத்துக்குரியவர் யாருமில்லை, முஹம்மது இறைவனின் தூதர்’ என்பது நம்பிக்கையின் உறுதிமொழி. நம்பாத பிள்ளையை அதைச் சொல்ல வைத்தால் அவன் பெற்றோர் வருந்துவார்கள். நம்புகிறவனுக்கோ அது விளையாட்டுப் பொருளாகிவிடும். சட்டமும் இதில் தெளிவு. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. மதங்களைப் பற்றிக் கற்பிப்பது போதனை ஆகாது என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘முஸ்லிம்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்று வாக்கியத்தை ஆரம்பித்தால் போதும், கோடு தாண்டாது. தொழுகைக்கு ஐந்து வேளையின் பெயரும் நேரமும் கொண்ட ஒரு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையின் படத்தைக் காட்டுகிறேன். நண்பகல் தொழுகையான லுஹர் எந்தப் பாடவேளையில் வருகிறது என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள்.

கடைசி ஐந்து நிமிடம் ஒரே கேள்வி, எழுதலாம் அல்லது என்னிடம் வந்து காதில் சொல்லலாம்: ‘மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவர் ஜகாத் கொடுக்கவில்லை, இருபதாயிரம் சம்பாதிப்பவர் கொடுத்தார். இருவரும் சரியாகவே நடந்தார்கள். எப்படி?’ போன தடவை ‘ஜ’ எழுதவே திணறிய பையன் வந்து சொன்னான்: “அவருக்கு நிக்கல சார், இவருக்கு நின்னுச்சு.”